எழும்போது தலைசுற்றல்: ரத்தம் குறைவுதான் காரணமா?

"காய்ச்சல் விட்டதும் எழுந்தா தலை சுத்துதுன்னா ரத்தம் கம்மி, இரும்பு மாத்திரை போட்டா போதும்."

சிலருக்கு அப்படியும் இருக்கலாம். ஆனால் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குப் பின் பெரும்பாலும் உடலில் நீர் குறைந்து, எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுதான் காரணம். வீட்டு பிபி மெஷினிலேயே பார்க்கலாம்: ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் மறுபடியும் (பக்கத்தில் ஆள் இருக்கட்டும், சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்). மேல் எண் 120 இருந்தது 98 ஆனால், அதாவது 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், விஷயம் அதுதான். இறங்கவில்லையா, ஹீமோகுளோபின் பாருங்கள்.

இதற்கு உப்பு மோர் குடிப்பது சரிதான். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே எழுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி, கறுப்பு மலம் இருந்தாலோ உடனே மருத்துவமனை. டெங்குவில் காய்ச்சல் விட்டபின் வரும் தலைசுற்றலுக்கும் உடனே மருத்துவமனைதான்.