"அஞ்சு நிமிஷம்தானே அக்கா"

அந்த வெள்ளை பக்கி விவகாரம் என்னவென்று நம் டர்பன் கட்டட வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: பேஸ்மெண்ட் படிக்கட்டுக் கதவுக்கு முன்னால் ஒரு வெள்ளை பிக்அப் வண்டி நின்றது, எடுக்கச் சொன்னேன், குரூப்பில் வாக்குவாதமாகிவிட்டது. நான் பதில் எழுதி முடிப்பதற்குள் அட்மின் குரூப்பைப் பூட்டிவிட்டார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

பேஸ்மெண்ட் படிக்கட்டுக் கதவுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்ட இடம் பார்க்கிங் இல்லை. அஞ்சு நிமிஷத்துக்கும் இல்லை. ஹசார்டு லைட் போட்டாலும் இல்லை.

"வழியை முழுசா அடைக்கலையே, ஓர் ஆள் நுழையலாமே" என்றார் அந்த வண்டிக்காரத் தம்பி. நுழையலாம், வண்டி எரியாத வரைக்கும். கார் என்றால் இரும்பு என்று நினைக்கிறோம். டயர், சீட்டுக்குள் இருக்கும் நுரை, டாஷ்போர்டு, பம்பர் எல்லாம் எரிகிற சரக்கு. இப்போது பல கார்களில் எரிபொருள் தொட்டியே பிளாஸ்டிக். அது உருகினால் பெட்ரோல் தரைச் சரிவு போகிற பக்கம் ஓடும், எரிந்துகொண்டே, அடுத்த கார்களின் அடியில். கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறவர் வழியை மட்டும் அடைக்கவில்லை, நெருப்பு வந்து உட்கார அங்கே ஓர் இடமும் போட்டுக் கொடுக்கிறார். பற்றுவது அவர் வண்டியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்து வண்டி பற்றினாலே போதும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணம், மண்டபத்துக்கு வெளியே திறந்த மைதானத்தில் பார்க்கிங். என் மாமனாரின் பழைய காரில் பானட்டுக்குள்ளிருந்து புகை வந்து தீப்பிடித்துவிட்டது. ஜுவாலை பக்கத்துக் காரைத் தொடவே இல்லை. ஆனாலும் அதன் விளக்குக் கண்ணாடி தொளதொளத்து இறங்கியது, கதவுப் பெயிண்ட் கொப்பளித்தது. வெறும் அனல்! வண்டிகளுக்குக் காவல் நிற்கிற கார் கார்டு பையன்கள் சேர்ந்து அந்தக் காரைத் தள்ளி நகர்த்தாவிட்டால் ஒரு வரிசையே போயிருக்கும். அதுவும் வானம் பார்த்த இடம், அனல் மேலே போக வழி இருந்தது.

பேஸ்மெண்டில் அனல் எங்கே போகும்? கை தூக்கினால் எட்டுகிற கூரை. சூடான புகை அதில் முட்டிப் பக்கவாட்டில் பரவி, அங்கிருந்து எல்லாக் கார்களின் தலையிலும் வெப்பத்தைக் கொட்டும். முதல் காரிலிருந்து இரண்டாவதுக்குப் போகத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று சேர்ந்து எரிய ஆரம்பித்தால் அப்புறம் வேகமே வேறு, நடுவில் ஒரு கார் இடம் காலியாக இருந்தாலும் தாண்டும். நம் கட்டடத்தில் கண்ணாடியை மடக்கினால்தான் கதவைத் திறக்க முடிகிறது. வாழ்க.

"எலக்ட்ரிக் கார்தான் எரியும், இங்கே யாரிடமும் இல்லையே" என்று இன்னொருவர். ஐயா, 2023 அக்டோபரில் லண்டன் பக்கத்து லூட்டன் விமான நிலையத்தில் முதலில் பற்றியது ஒரு டீசல் கார். ஆயிரத்துக்கும் மேல் வண்டிகள் போயின, கட்டடமும் ஒரு பக்கம் சரிந்தது. அது 2019-இல் திறந்த புதுக் கட்டடம், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்ளர் கிடையாது.

"நமக்கு ஸ்பிரிங்ளர் இருக்கே." இருக்கிறது, சரி. 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஓர் அடுக்குமாடி பேஸ்மெண்டிலும் இருந்தது. தீ அலாரம் அடித்ததும் ஊழியர் ஒருவர் அந்த ஸ்பிரிங்ளரை நிறுத்திவிட்டார். அங்கே முதலில் எரிந்தது எலக்ட்ரிக் கார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தடுத்துப் பற்றிய மற்றதெல்லாம்? நம்முடையதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு எமோஜி வந்தது.

இதைவிட என்னைக் குத்தியது வேறு. டிரஸ்டி ஒருவர், பெரியவர், "நீ இங்கே புதுசும்மா, டர்பனில் இப்படித்தான்" என்றார். டர்பனில் புகை வேறு மாதிரிப் போகுமா அங்கிள்? அந்தப் படிக்கட்டுக் கதவுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பதும் இந்த "இப்படித்தான்" கணக்கில்தான் வருகிறது. அது மூடியிருந்தால்தான் தீயைத் தடுக்கிற கதவு. திறந்திருந்தால் பேஸ்மெண்ட் புகை மொத்தமும் படிக்கட்டு வழியாக ஏழாவது மாடி பாட்டி வரைக்கும் ஏறும். லிஃப்டை நம்பக்கூடாது, படியில் புகை, அவர் எந்தப் பக்கம் இறங்குவார்?

ஜோஹன்னஸ்பர்க் உசிண்டிசோ கட்டடத்தில் 2023-இல் பற்றிய தீயில் 70-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெளியேறும் வழி பூட்டிக் கிடந்ததும் ஒரு காரணம். அன்றைக்கு நம் குரூப்பில் எத்தனை மெழுகுவத்திப் படங்கள், எத்தனை 'ஆழ்ந்த இரங்கல்'! இரங்கல் தெரிவித்தவர்களில் ஒருவருடைய வண்டிதான் இப்போது நம் கதவுக்கு முன்னால் நிற்கிறது.

"மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்" என்கிறார்கள். முதல் தடவை மரியாதையாகத்தான் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதில்தான் தலைப்பில் இருக்கிறது. வியாழக்கிழமை நம் வீட்டு உரிமையாளர் சங்கமான பாடி கார்ப்பரேட் கூட்டத்துக்கு ஸ்பிரிங்ளர் சோதனைச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி மேனேஜருக்கு ஈமெயில் போட்டாயிற்று, டிரஸ்டி அங்கிளுக்கும் காப்பி. என்னை பிளாக் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், போகிற வழியில் அந்த மரக்கட்டையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.