கீசர் நேரம் எங்கே இருக்கிறது?

"ஸ்பீக்கர் நம்மைக் கவனித்துக் கற்றுக்கொள்கிறது, சாட்பாட்டுக்கு அந்த மூளை இல்லை."

அண்ணா, பாதி சரி. கோத்தகிரியில் எங்கள் வீட்டு அலெக்சாவும் காலை 5.30க்கு கீசரைப் போடுகிறது, பனிக்காலத்தில் அம்மாவுக்குப் பெரிய உதவி, ஆனால் அந்த நேரம் ஸ்பீக்கருக்குள் இல்லை, நாங்கள் அமைத்த ரொட்டீனாக அமேசான் கணக்கில் இருக்கிறது. நம் பயன்பாட்டைப் பார்த்தும் சில யோசனைகள் சொல்லும், அந்தப் பதிவும் கணக்கில்தான். சாட்பாட்டில் மெமரி அணைந்திருந்தால் பழைய பேச்சு எதுவும் புது உரையாடலுக்குப் போகாது, அவ்வளவுதான்.

அலெக்சா செயலியில் Routines போய் அந்த ரொட்டீனை நிறுத்திப் பாருங்கள், மறுநாள் கீசர் ஓடாது. அப்புறம் சாட்பாட்டிடம் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்லி அங்கேயே கேளுங்கள், சொல்லும். மெமரியை அணைத்துப் புது உரையாடலில் கேட்டால் தெரியாது.