கடைசியாகப் பேசிய தேதி

“தொலைபேசியில் 600 பெயர்கள் இருக்கின்றன, இவர்களில் யார் நெருங்கியவர் என்று எப்படி முடிவு செய்வது?”

மனத்திலுள்ள பாசத்தைவிடக் கடைசியாகப் பேசிய தேதியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். மானிடவியலாளர் ராபின் டன்பார் 5, 15, 50, 150 பேர் என ஒன்றையொன்று உள்ளடக்கிய நட்பு வட்டங்களைக் கூறுகிறார். முதல் வட்டத்தாருடன் வாரம் ஒருமுறையும், அடுத்தவர்களுடன் மாதம் ஒருமுறையும், மூன்றாம் வட்டத்தாருடன் ஆறு மாதத்துக்கு ஒருமுறையுமாவது தொடர்பு இருக்கும் என்பது அவர் கணிப்பு. (150 என்ற எண்ணை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை.)

என் அழைப்புப் பதிவைப் பார்த்தபோது, முதல் ஐவரில் ஒருவராக நான் நம்பியிருந்த கல்லூரித் தோழரிடம் பேசி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவர் பெயரை மூன்றாம் வட்டத்தில் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன். இப்போது ஞாயிறுதோறும் மாலையில் அரை மணி நேரம் அவருடன் பேசுகிறேன். அந்த நேரம் முன்பு பழைய அலுவலக நண்பர் ஒருவருக்கு உரியதாக இருந்தது. அவருடன் இனி மாதம் ஒருமுறைதான் பேச முடிகிறது.