கடைசிச் சுற்றில் விலகுவதென்றால்

ஒரு நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, இன்னொரு நிறுவனத்தின் இறுதி நேர்காணலுக்கும் வருவதாகச் சொல்லியிருப்பவர்கள், எப்படி நாகரிகமாக விலகுவது என்று என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது கடிதத்தில் எழுதும் வாசகம். கொழும்பில் மனிதவளப் பிரிவில் வேலை செய்பவள் என்ற வகையில் என் கருத்து வேறு. வாசகம் சுமாராக இருந்தாலும் யாரும் குறைசொல்லப் போவதில்லை; எந்த நேரத்தில் சொல்கிறீர்கள், யாரிடம் முதலில் சொல்கிறீர்கள் என்பதைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருப்போம்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு மூன்று பேர் வந்துவிட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது விண்ணப்பதாரருக்குத் தெரிவதில்லை. முதலிடத்தில் இருப்பவருக்கான சம்பளத்துக்கு மேலிடத்து அனுமதி கேட்டுக் குறிப்பு போகும். உசாத்துணையாளர்களுக்கு அழைப்பு போகும். சில இடங்களில் மருத்துவப் பரிசோதனைக்கும் நாள் எடுத்துவிடுவார்கள். இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு எந்தப் பதிலும் சொல்லாமல், "இன்னும் முடிவாகவில்லை" என்று இழுத்துக்கொண்டிருப்போம். அவருக்கு வருந்துகிறோம் என்ற கடிதம் போவதற்கு முன் நீங்கள் விலகினால், அந்த வேலை அவருக்குக் கிடைக்கும். போன பிறகு விலகினால், அவரும் மனம் தளர்ந்து வேறிடம் பார்த்திருப்பார், பதவியை மறுபடி விளம்பரம் செய்யவேண்டியிருக்கும். ஆகவே உங்கள் தாமதத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவர் நீங்கள் முகம் பார்த்திராத ஒருவர்தான். (விண்ணப்பித்தவர்களை மாதக்கணக்கில் பதிலில்லாமல் காக்கவைக்கும் நிறுவனங்கள் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி; ஆனால் அந்த இரண்டாம் நபர் அதற்குப் பொறுப்பாளி அல்லர்.)

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஒரு தங்கையின் விடயத்தைச் சொல்கிறேன். கணக்காளர் பதவிக்கு இரண்டு இடங்களில் ஓடிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மதியம் ஒரு நிறுவனத்தின் கடிதத்தில் கையெழுத்திட்டார். மற்றைய நிறுவனத்தில் திங்கட்கிழமை காலை பொது முகாமையாளருடன் இறுதி நேர்காணல். இடையில் வெள்ளிக்கிழமை போயா விடுமுறை. "அக்கா, ஞாயிறு இரவு மெயில் ஒண்டு போட்டா காணாதா?" என்று கேட்டார். காணாது. அந்த மெயிலைத் திங்கட்கிழமை காலை எட்டரைக்குத்தான் யாராவது திறப்பார்கள். அதற்குள் நேர்காணல் அறை ஒதுக்கப்பட்டு, பொது முகாமையாளரின் நேரமும் ஒதுங்கியிருக்கும். வியாழக்கிழமையே, அலுவலகம் மூடுமுன், தொலைபேசியில் சொல்லும்படி சொன்னேன்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தொலைபேசியில் வந்த "உங்களை எடுத்தாயிற்று" என்ற வாய்ப்பேச்சை நம்பி எங்கும் விலகக்கூடாது. சம்பளமும் வேலை தொடங்கும் திகதியும் எழுதப்பட்ட கடிதம் கையில் இருக்கவேண்டும். எங்கள் ஊர்க் கடிதங்களில் மருத்துவ அறிக்கை, கிராம அலுவலர் சான்றிதழ் போன்றவை திருப்தியாக அமைந்தால் என்ற நிபந்தனையும் அடிக்கடி இருக்கும். அவற்றில் சிக்கல் வரும் என்று நினைக்கக் காரணம் இருந்தால், பேசாமல் இருப்பதை விட, நேர்காணலைச் சில நாட்கள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பதே நேர்மை. தங்கைக்கு அப்படி ஒரு காரணமும் இருக்கவில்லை.

அவர் அழைத்தபோது, மறுமுனையில் இருந்த அதிகாரி சற்று மௌனமாகிவிட்டு, சம்பளம்தான் காரணமென்றால் பேசிப் பார்க்கலாம் என்றாராம். பலர் சறுக்கும் இடம் இதுதான். அங்கே ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் விலகல் பேரமாக மாறிவிடும். நீங்கள் கையெழுத்திட்ட இடத்துக்குத் துரோகம் செய்யத் தயாராக இருப்பவர் என்ற எண்ணம், உங்களைக் கூப்பிடும் இடத்திலேயே விழும். தங்கை, "நான் கையெழுத்திட்டுவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேசுவது முறையில்லை" என்று மட்டும் சொன்னார். உண்மையில் அந்த இரண்டாவது நிறுவனம்தான் வேண்டும் என்றிருந்தால், அவர் அழைத்திருக்கவேண்டியது கையெழுத்திடுவதற்கு முன்: "என்னிடம் வேறொரு கடிதம் இருக்கிறது, வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், உங்கள் முடிவை அதற்கு முன் சொல்லமுடியுமா?" என்று. அப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. முடியும் என்றால் முன்னதாக அழைப்போம், முடியாதென்றால் முடியாது என்போம்.

தொலைபேசியில் சொன்ன பிறகு, அதே மாலையில் மின்னஞ்சல். எங்கள் அலுவலகங்களில் இது ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், அவரது கடிதத்தின் சாரம் இவ்வளவே: "கணக்காளர் பதவிக்கான என் விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன். வேறொரு நிறுவனத்தின் நியமனத்தை ஏற்றுக்கொண்டுள்ளதால் திங்கட்கிழமை நேர்காணலுக்கு வர இயலாது. இரண்டு சுற்றுகளிலும் என்னோடு நேரம் செலவிட்டமைக்கு, குறிப்பாகப் பதவியின் பொறுப்புகளை நிதி முகாமையாளர் விரிவாக விளக்கியமைக்கு நன்றி." விலகுவது முதல் வரியிலேயே இருக்கிறது. நாலு பத்தி நன்றிக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்தால், அவசரத்தில் படிப்பவர் நேர்காணலை உறுதிப்படுத்தும் கடிதம் என்று எண்ணிக்கொள்வார். தமக்குப் பதிலாகத் தம் நண்பர் ஒருவர் பொருத்தமானவர் என்று அதே கடிதத்தில் எழுதுபவர்களும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் எங்களிடம் ஏற்கெனவே ஓர் இரண்டாம் நபர் காத்திருக்கிறார்.

குடும்பக் காரணம் என்று எழுதலாமே, மனம் நோகாதே என்று சிலர் நினைக்கிறார்கள். கொழும்பு அவ்வளவு பெரிய ஊரல்ல. அம்மாவுக்குச் சுகமில்லை என்று விலகியவர் அடுத்த மாதம் லிங்க்ட்இன்னில் புதிய பதவியை மகிழ்ச்சியோடு அறிவிப்பார், அதற்கு வாழ்த்துச் சொல்பவர்களில் எங்கள் முகாமையாளரும் ஒருவராக இருப்பார். வேறு வேலையை ஏற்றுக்கொண்டேன் என்ற உண்மையே போதுமானது. எந்த நிறுவனம் என்று சொல்லவேண்டிய கடமை கிடையாது. நேரே கேட்டால், சேர்ந்த பிறகு சொல்கிறேன் என்று சிரித்தபடி சொல்லிவிடலாம்.

இந்த விடயத்தில் எல்லோரும் மறந்துவிடுபவர்கள் உசாத்துணையாளர்கள். நம் சுயவிபரக் கோவையின் கடைசியில் உறவினரல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போடுகிறோமே, அவர்கள்தான். தங்கையின் பழைய விரிவுரையாளருக்கு அந்த நிறுவனத்திலிருந்து ஏற்கெனவே அழைப்பு போய், அவரும் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். விலகிய செய்தியைப் பிறர் வாயால் கேட்டால் அவருக்குச் சங்கடம். ஆகவே அன்றிரவே அவருக்கும் சொல்லச் செய்தேன். உள்ளே வேலை செய்யும் ஒருவரின் சிபாரிசில் விண்ணப்பித்திருந்தால் ஒழுங்கு மாறும்: மனிதவளப் பிரிவை அழைப்பதற்கு ஒரு சில நிமிடங்கள் முன்னதாக அவரிடம் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் நீங்கள் தொலைபேசியை வைத்த மறுகணம் எங்கள் ஆட்கள் நேரே போய் நிற்பது அவருடைய மேசைக்கு முன்னால்தான்.