வங்காளத்து விதவைக்குக் கிடைத்த பங்கு

“வங்காளத்தில் அப்பா இருக்கும்போது மகனுக்குச் சொத்தில் பங்கே கிடையாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிடையாது. வங்காளத்து இந்துச் சொத்துரிமை முறையான தாயபாகத்தில் அப்பாவே முழு உரிமையாளர். அவர் இறந்த பிறகுதான் மகனுக்கு உரிமை. இந்தியாவின் மற்ற பெரும்பாலான பகுதிகளின் முறையான மிதாட்சரத்தில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு.

தாயபாகத்தால் மகனுக்கு நஷ்டம் என்று தோன்றும். ஆனால் இந்து விதவைகளுக்குச் சொத்தில் உரிமை தந்த 1937 சட்டத்துக்கு முந்தைய நிலையைப் பாருங்கள். அப்பா இறந்துவிட்டார், இரண்டு அண்ணன் தம்பிகள், பாகப்பிரிவினை ஆகவில்லை. தம்பி பிள்ளையில்லாமல் இறக்கிறார். மிதாட்சரத்தில் சொத்து முழுவதும் அண்ணனுக்கு. தம்பி மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே. தாயபாகத்திலோ தம்பியின் பாதி முன்பே நிச்சயமானது, அது அவர் மனைவிக்கே போகும். ஆயுள்கால அனுபவ உரிமைதான், விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. இருந்தாலும் கணவரின் அண்ணன் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லையே!