இத்தனை % தள்ளுபடியா?

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் ராத்திரி. குடும்பக் குழுவில் அத்தை கொழுக்கட்டை செய்முறை கேட்டார். நல்ல பதிவு ஒன்று தெரியும். முகவரியை நகலெடுத்து ஒட்டினேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம். திரையின் முக்கால்வாசியை % குறிகள் அடைத்துக்கொண்டன.

பெரியப்பா முந்திக்கொண்டார்: "யாரும் தொடாதீங்க, வைரஸ்." அத்தைக்கு வேறு சந்தேகம்: "ஏண்டா, இத்தனை பர்சென்ட் போட்டிருக்கே, தள்ளுபடியா?"

உலாவியின் முகவரிப் பட்டையில் அழகாகத் தமிழில்தான் இருந்தது, சத்தியமாக. நகலெடுத்த நொடியில்தான் வேஷம் கலைகிறது. இணைய முகவரியில் ஆங்கில எழுத்து, எண், கோடு புள்ளி மாதிரி சில குறிகள், இவற்றுக்கு மட்டும்தான் நேர்வழி அனுமதி. 2005-இல் வந்த RFC 3986 என்ற இணைய விதிநூலும் அதையேதான் சொல்கிறது. மற்றவர்கள் மாறுவேடத்தில் வரவேண்டும். எழுத்துகளைக் கணினி குறித்துவைக்கும் UTF-8 முறையில் நம் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒரு பைட்டுக்கு ஒரு % குறியும் அதன் பின்னால் இரண்டு குறிகளும். ஆக, ஒரே ஒரு 'க' இப்படி ஆகிறது:

```
%E0%AE%95
```

ஒன்பது குறிகள்! அதுவும் நாம் எண்ணுகிற எழுத்துக்கணக்கு அங்கே செல்லாது. கொழுக்கட்டை நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ கொ என்பது 'க' தனி, கொம்பும் காலும் சேர்ந்த குறி தனி. புள்ளியும் தனி. மொத்தம் பதினொன்று, ஒன்பதால் பெருக்கினால் 99. அதையே kozhukkattai என்று எழுதினால் பன்னிரண்டோடு முடிந்தது. தமிழில் பண்டம் செய்தால் எட்டு மடங்கு மாவு வேண்டும் போல.

சரி, நீளமாக இருந்தாலும் வேலை செய்யுமே என்று பார்த்தால், அந்த முகவரியே பாதிதான். பதிவின் தலைப்பு 'பிள்ளையார் சதுர்த்தி கொழுக்கட்டை'. அந்த வலைப்பதிவை நடத்தும் மென்பொருள் முகவரியில் தலைப்புக்கு ஒதுக்கியிருப்பது 200 குறிகள். பிள்ளையார் 90, நடுவில் கோடு 1, சதுர்த்தி 81, இன்னொரு கோடு. 173 போயாச்சு. மீதி 27-இல் மூன்றே மூன்று நுழையும்:

```
%E0%AE%95%E0%AF%8A%E0%AE%B4
```

அதாவது 'கொழ'. பிள்ளையார்-சதுர்த்தி-கொழ. மாவில் தண்ணீர் அதிகமானால் வருமே, அது.

பக்கம் திறக்கத்தான் செய்தது, எனக்கு. அத்தை அதைத் தன் தங்கைக்கு அனுப்ப விரலால் தேய்த்துத் தேர்ந்தெடுத்தாரே, அங்கே வந்தது வினை. கடைசியில் %E0%AE வரை மட்டும் போயிருக்கிறது. மூன்று பைட்டில் இரண்டு! எழுத்தே ஆகாத அரைகுறை. அந்தப் பக்கம் "பக்கம் இல்லை" என்று சொல்ல, "உன் மருமகன் பொய் லிங்க் அனுப்பறான்" என்று அங்கிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. குழுவில் பதினெட்டு பேர் கேட்டார்கள்.

உலாவிக்காரர்கள் ஏன் இப்படி மாற்றித் தருகிறார்கள் என்றால், தமிழாகவே கொடுத்தால் சில செயலிகள் நடுவில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளியைப் பார்த்ததும் முகவரி அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்து வெட்டிவிடுமாம். நியாயம்தான். ஆனால் நியாயம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு குறுக்குவழி ஞாபகம் வந்தது. முகவரியை முழுதாகத் தேர்ந்தெடுக்காமல் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு நகலெடுத்தால், கணினியில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கண்ணில் தெரிகிற தமிழையே தந்துவிடும். விட்ட எழுத்தை ஒட்டியபின் கையால் சேர்க்கவேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் about:config-க்குப் போய் browser.urlbar.decodeURLsOnCopy என்பதை true ஆக்கினால் அந்த வித்தையும் வேண்டாம். ஒரு கொழுக்கட்டைக்காக!

அழகான தமிழ் முகவரியை அனுப்பினேன். அத்தை பார்த்தார். பதில் வந்தது: "கொழ-ன்னு பாதியில நிக்குதே, மிச்சத்தை அனுப்புடா."

சமையல் குறிப்பை முழுக்கத் தட்டச்சு செய்தே அனுப்பிவிட்டேன். காலையில் பூரணம் வெளியே பிதுங்கிய கொழுக்கட்டைகளின் படம் வந்தது. மாவு சரியில்லையாம். அரிசி மாவு என்று பாக்கெட்டில் போட்டு எதைத்தான் விற்கிறார்களோ, அதைக் கேட்க ஆளில்லை இந்த ஊரில்!