கட்டில் கம்பியைத் தொட்ட கை

"நோயாளியைத் தொடவே இல்லையே, அப்புறம் எதற்குக் கையைத் தேய்க்க வேண்டும்?"

காரைக்குடியில் வார்டு செவிலியராக நான் பார்த்தவரை, கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்தில் அதிகம் தவறிப்போவது நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின் வரும் இந்தக் கடைசித் தருணம்தான். கட்டில் கம்பியை உயர்த்திவிட்டு, சலைன் வேகத்தைக் குறைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடும்போது, கை பார்வைக்குச் சுத்தமாகவே இருப்பதால் மனம் எச்சரிப்பதில்லை. ஆனால் அந்த நோயாளியின் கிருமிகள் அந்தக் கம்பியிலும் இருக்கின்றன. கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசம், அதைக் கழற்றியதும் கையைத் தேய்க்க வேண்டும் என்பதே மறந்துவிடுகிறது. தேய்ப்பவர்களிலும் பலர் உள்ளங்கையோடு நிறுத்திவிடுவதால் கட்டைவிரலும் விரல்நுனிகளும் விட்டுப்போகின்றன, கம்பியைப் பிடித்ததோ அவைதான். உள்ளங்கைக் குழி நிறைய ஹேண்ட்ரப் என்னும் ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு மருந்தை எடுத்து, 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். 10 விநாடியிலேயே காய்ந்துவிட்டால், எடுத்த அளவு போதவில்லை என்று பொருள்.